கடன் தீர்ந்த காரின் பாலிசியில் தங்கிவிட்ட வங்கிப் பெயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தபோது, முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நின்றிருந்த கார் இது. 1,200 சிசி பெட்ரோல் வண்டி, 2021 ஜனவரியில் புதிதாக வாங்கியது. உரிமையாளர் பள்ளி ஆசிரியர். நான் பொதுக் காப்பீட்டு முகவர். அவருடைய பாலிசி என் மூலம் எடுத்தது இல்லை என்றாலும், கிளெய்ம் பாதியில் நின்றபோது பழக்கத்தின் பேரில் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தார். அவர் அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பாலிசியிலிருந்து வங்கிப் பெயரை நீக்குவது என்ற, வாகனக் கடனை முடித்த பலர் செய்யாமல் விடும் ஒரு வேலை இதில் இருக்கிறது. இவர் அதைச் செய்தார். ஆனால் தவறான இடத்தில் செய்துவிட்டார்.

தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறி நின்றிருந்தது. சர்வேயர் வந்ததும் முதலில் ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தார். சுருண்டிருக்கும் அந்தப் பட்டையில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரம் வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். கழுவித் துடைத்த வண்டியிலும் அந்தக் கோடு மறைவதில்லை. அடுத்து, தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்தீர்களா என்று கேட்டார். செய்யவில்லை. கயிறு கட்டி இழுத்துத்தான் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதனால், ஸ்டார்ட் செய்ததால்தான் இன்ஜின் கெட்டது என்ற தகராறு எதுவும் வரவில்லை.

பாலிசியில் வண்டியின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., ₹5,60,000. ஒர்க் ஷாப் போட்ட பழுதுச் செலவு சுமார் ₹4,70,000. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். இந்த வண்டிக்கு அந்த எல்லை ₹4,20,000. ஆக, பழுது பார்க்கும் கிளெய்மாக இருந்தது முழு இழப்புக் கிளெய்மாக மாறியது. இந்த மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் பாலிசியில் வங்கியின் பெயர் இருப்பது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வங்கிப் பெயர் எப்போது விழித்துக்கொள்ளும்

கடனில் வாங்கிய வண்டியின் பாலிசி முகப்புத் தாளில், உரிமையாளர் பெயருக்குக் கீழே கடன் கொடுத்தவரின் பெயர் அச்சாகியிருக்கும். அதோடு ஐ.எம்.டி. 7 என்ற ஒப்புதல் வாசகமும் பாலிசியில் சேரும். அது சொல்வது இவ்வளவுதான்: பழுது பார்த்தோ, பாகம் மாற்றியோ சரிசெய்யப்படாத இழப்புக்கான பணம், வண்டி வங்கியிடம் அடமானத்தில் இருக்கும் வரை, வங்கிக்கே கொடுக்கப்படும். வங்கி கொடுக்கும் ரசீதோடு காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடும்.

பம்பர் நசுங்கினால், கண்ணாடி உடைந்தால், கதவு மாற்றினால், அந்தப் பணம் ஒர்க் ஷாப்புக்குப் போகும், அல்லது பில்லைக் கட்டிய உரிமையாளருக்கு வரும். அங்கே வங்கிக்கு வேலை இல்லை. வண்டி திருடு போனால், எரிந்து போனால், முழு இழப்பானால் மட்டுமே அந்த வாசகம் உயிர்பெறும். அதனால்தான் கடன் முடிந்து பல வருடம் வங்கிப் பெயரோடு பாலிசி புதுப்பித்துக்கொண்டே போகிறவர்களுக்குக்கூட அது தெரிவதில்லை. சின்னச் சின்னக் கிளெய்ம்கள் ஒழுங்காக வந்துவிடும், ஒரு நிம்மதி ஏற்பட்டுவிடும். பெரிய தொகை வரவேண்டிய நாளில்தான் முட்டுக்கட்டை விழும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வங்கிப் பெயர் இரண்டு தனித்தனிப் பதிவுகளில் இருக்கிறது. ஒன்று ஆர்.சி., அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆவது பிரிவின்படி பதிந்தது. மற்றொன்று பாலிசி. ஒன்றில் நீக்கினால் மற்றதில் தானாக நீங்காது. கடன் கணக்கை மூடியதும் வங்கியே இரண்டு இடத்துக்கும் சொல்லிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இனி ஆட்சேபனை இல்லை என்று சொல்லும் என்.ஓ.சி.யையும், ஆர்.சி.யில் அடமானத்தை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் வங்கி கொடுக்கும். அதற்கு மேல் கொண்டுபோக வேண்டியது உரிமையாளர்தான்.

ஆசிரியர் செய்ததும் விட்டதும்

2023 செப்டம்பர் 12 அன்று மீதித் தொகையை ஒரே தவணையில் கட்டிக் கடனை முடித்தார். செப்டம்பர் 25 தேதியிட்ட என்.ஓ.சி.யும் படிவம் 35-இன் இரண்டு பிரதிகளும் தபாலில் வந்தன. என்.ஓ.சி.யின் அடியில் 3 மாதம் செல்லும் என்று அச்சாகியிருந்தது. பல வங்கிகள் இப்படித்தான் கொடுக்கின்றன. ஆர்.டி.ஓ. வேலையை அரையாண்டு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு அக்டோபரிலேயே என்.ஓ.சி. நகலோடு கடிதம் அனுப்பிவிட்டார். பதிலாக ஒப்புதல் தாளும் வந்தது. அதில் வங்கிப் பெயர் நீக்கப்பட்டதாகத் தெளிவாக இருந்தது. பிறகு என்ன சிக்கல்?

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தபோது பாலிசி எண்ணுக்குக் கீழே இருந்த காலத்தில் என் கண் நின்றது: 2021 ஜனவரி முதல் 2024 ஜனவரி வரை. மூன்று வருடப் பாலிசி. அதாவது, கார் வாங்கிய அன்று ஷோரூமில் போட்டது.

2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை 3 வருடத்துக்கும், புதிய இருசக்கர வண்டிக்கு 5 வருடத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓ.டி. பகுதியை மட்டும் வருடாவருடம் புதுப்பித்துக்கொள்ளலாம், அதையும் வேறு நிறுவனத்தில் எடுக்கலாம். இவர் முதல் வருடம் முடிந்ததும் விலை குறைவாகக் கிடைத்த வேறொரு நிறுவனத்தில் இணையத்தில் ஓ.டி. எடுத்திருந்தார். 2023 ஜனவரியிலும் அங்கேயே புதுப்பித்தார். ஆக, ஒரே காருக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் இரண்டு பாலிசிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஷோரூம் கொடுத்த தாள் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் இருந்தது. இரண்டாவது, மின்னஞ்சலில் வந்த பி.டி.எஃப். கடிதம் எழுத உட்கார்ந்தபோது கையில் கிடைத்தது முதல் தாள்தான்.

அவர் வங்கிப் பெயரை நீக்கியது மூன்றாம் நபர் பாலிசியில். அந்தப் பாலிசியின் கீழ் பணம், விபத்தில் பாதிக்கப்பட்ட எதிர்த்தரப்புக்குப் போகும். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருந்தால் அந்தப் பணம் அவருக்கோ நியமனதாரருக்கோ போகும். வங்கிக்குப் போகக்கூடிய பணம் அதில் எதுவுமே இல்லை. பணம் வங்கிக்குப் போகக்கூடிய ஓ.டி. பாலிசியில் பெயர் அப்படியே நின்றது. இந்த வேலையில் நான் பார்க்கும் குழப்பங்களிலேயே மிகவும் மனம் கஷ்டப்படுத்துவது இதுதான். அக்கறையில்லாதவர்களுக்கு இது நேர்வதில்லை. பொறுப்பாகக் கடிதம் எழுதியவருக்குத்தான் நேர்கிறது.

ஓ.டி. நிறுவனம் கேட்டவை

ஜனவரி முதல் வாரம் கிளெய்ம் அலுவலரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முழு இழப்பாக முடிக்க ஒப்புக்கொள்கிறோம். பாலிசியிலும் ஆர்.சி.யிலும் வங்கியின் பெயர் இருப்பதால் தொகை வங்கிக்கு அனுப்பப்படும். உரிமையாளருக்கு வர வேண்டுமென்றால் வங்கியின் நடப்பு என்.ஓ.சி.யும் அடமானம் நீக்கிய ஆர்.சி.யும் தேவை.

ஆசிரியருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். "கடனே இல்லாத வங்கிக்கு எதுக்கு சார் பணம்?" என்றார். என்.ஓ.சி.யை எடுத்து அனுப்பினார். டிசம்பர் 25-ஓடு காலாவதி என்று பதில் வந்தது. முதல் நிறுவனத்தின் ஒப்புதல் தாளை அனுப்பினார். அது எங்கள் பாலிசி அல்ல என்றார்கள். இரண்டு பதிலிலும் தப்பு இல்லை.

நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால்தான் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்பது பிடிபடும். அவர்களுக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று. உரிமையாளருக்கு ₹5 லட்சத்துக்கு மேல் கொடுத்த பிறகு, எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று வங்கி வந்து நின்றால் அதே தொகையை இன்னொரு தரம் கொடுக்க வேண்டி வரும். உரிமையாளர் கடன் முடிந்தது என்று சொல்வதால் அந்தப் பயம் போகாது. கடன் கணக்கின் அறிக்கையில் பாக்கி பூஜ்யம் என்று இருப்பதாலும் போகாது, ஏனென்றால் அதே வண்டியின் பேரில் டாப்-அப் கடன் இருக்கலாம். வங்கி, தன் தாளில், தன் முத்திரையோடு, இந்த வண்டியின் மேல் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று சொன்னால் மட்டுமே போகும்.

வங்கிக்கே பணத்தை அனுப்பட்டும், அங்கிருந்து வாங்கிக்கொள்வோம் என்று சிலர் நினைப்பதுண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடன் கணக்கு மூடியாகிவிட்டது. வரும் தொகை ஒன்று திரும்பிப் போகும், அல்லது வங்கிக்குள்ளே எந்தக் கணக்கிலும் சேராத பணமாக நிற்கும். அதை மீட்க மறுபடியும் இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

அக்டோபரிலேயே போயிருக்க வேண்டிய கடிதம்

இழப்பு எதுவும் நேராத காலத்தில், கடன் முடிந்ததும் அனுப்ப வேண்டிய கடிதத்தின் வடிவம் கீழே. பொதுத்துறை நிறுவனங்களின் கிளைகளில் தமிழ்க் கடிதத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்கிறார்கள். தலைமை அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புவதானால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது, வேறு மாநிலத்தில் இருப்பவர் படிக்கக்கூடும்.

> அனுப்புநர்: (பாலிசியில் உள்ளபடி பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர், (காப்பீட்டு நிறுவனம், பாலிசி வழங்கிய கிளை)
>
> நாள்:
>
> பொருள்: பாலிசியிலிருந்து வங்கி அடமானக் குறிப்பை நீக்கி ஒப்புதல் தாள் வழங்கக் கோருதல்.
>
> பாலிசி எண்: … வகை: ஓ.டி. மட்டும் / முழுமையான பாலிசி. காலம்: … முதல் … வரை.
>
> வண்டிப் பதிவு எண்: … சேசிஸ் எண்: … இன்ஜின் எண்: …
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட வண்டிக்காக … வங்கி, … கிளையில் நான் பெற்ற கடன் (கணக்கு எண் …) … தேதியில் முழுவதும் தீர்க்கப்பட்டது. இந்த வண்டியின் மீது தங்களுக்கு உரிமை எதுவும் இல்லை என வங்கி … தேதியிட்ட என்.ஓ.சி. வழங்கியுள்ளது.
>
> எனவே, மேற்கண்ட பாலிசியில் உள்ள வங்கியின் பெயரையும் ஐ.எம்.டி. 7 ஒப்புதலையும் நீக்கி, அதற்கான ஒப்புதல் தாளை எனக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த புதுப்பித்தலிலும் அந்தப் பெயர் வராதபடி தங்கள் பதிவைத் திருத்திக்கொள்ளவும்.
>
> இணைப்பு: 1. வங்கியின் என்.ஓ.சி. நகல். 2. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 நகல். 3. அடமானம் நீக்கிய ஆர்.சி. நகல் (அல்லது ஆர்.டி.ஓ. விண்ணப்ப ரசீது). 4. பாலிசி முகப்புத் தாள் நகல்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (பாலிசிதாரர் கையெழுத்து)

சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பாலிசி எண்ணுக்குப் பக்கத்தில் வகையையும் காலத்தையும் எழுதச் சொன்னது இந்த ஆசிரியருக்கு நேர்ந்ததைத் தவிர்க்கத்தான். அந்த இரண்டையும் எழுத வேண்டுமென்றால் பாலிசியை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போது ஓ.டி. எது, மூன்றாம் நபர் எது என்பது தெரிந்துவிடும். இரண்டு நிறுவனமாக இருந்தால் இரண்டு கடிதம். ஓ.டி. கடிதம் முதலில்.

சேசிஸ் எண் ஏன் என்றால், கடன் பதிவான நாளில் வண்டிக்கு நிரந்தர எண் வந்திருக்காது. வங்கியின் பதிவில் தற்காலிக எண்ணோ, வெறும் சேசிஸ் எண்ணோ மட்டும் இருக்கலாம். என்.ஓ.சி.யும் அப்படியே அச்சாகி வரும். அந்த என்.ஓ.சி.யை வாங்கும் காப்பீட்டு அலுவலருக்கு இது எந்த வண்டி என்று தெரியாது. கடிதத்தில் இரண்டு எண்ணும் இருந்தால் ஒன்று பொருந்தும். என்.ஓ.சி. கைக்கு வந்ததும் அதிலுள்ள சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் வங்கியிடமே திருத்தி வாங்குவதுதான் வழி.

கடன் கொடுத்த வங்கி வேறொன்றோடு இணைந்துவிட்டிருந்தால் இன்னொரு வரி தேவைப்படும். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியன் வங்கியோடும், லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடும் சேர்ந்தன. அந்தக் காலத்துக் கடன்களில் பாலிசியில் பழைய பெயரும் என்.ஓ.சி.யில் புதிய பெயரும் இருக்கும். பாலிசியில் இன்ன பெயரில் உள்ள வங்கி இப்போது இன்ன வங்கியோடு இணைந்துள்ளது, என்.ஓ.சி.யை அதுவே வழங்கியுள்ளது என்று எழுதிவிட்டால் போதும்.

ஒப்புதல் தாளை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்ற வரியை விட்டுவிட வேண்டாம். 'பதிவில் திருத்திவிட்டோம்' என்று குறுஞ்செய்தி மட்டும் வந்து, தாள் வராமல் இருப்பது உண்டு. பாலிசியின் ஒரு பகுதியாக நிற்பது எண்ணும் தேதியும் போட்ட அந்தத் தாள்தான். இந்த ஒப்புதலுக்குக் கூடுதல் பிரீமியம் கிடையாது. சில நிறுவனங்கள் சிறு தொகை ஒன்றைச் சேவைக் கட்டணமாக வாங்குகின்றன, அவ்வளவுதான்.

முதலில் ஆர்.டி.ஓ.வா, காப்பீடா

இதைக் கேட்காதவர்களே இல்லை. என்.ஓ.சி. மட்டும் இருந்தாலே சில நிறுவனங்கள் பெயரை நீக்கிவிடும். சில, ஆர்.சி.யில் நீக்கிய பிறகே செய்வோம் என்று நிற்கும். அதனால் என்.ஓ.சி. வந்ததும் முதலில் பரிவாகன் தளத்தில் `Hypothecation Termination` விண்ணப்பத்தைப் போட்டுக் கட்டணம் கட்டிவிடுங்கள். அந்த ரசீதை மேலே உள்ள கடிதத்தோடு இணைத்துக் காப்பீட்டுக்கு அனுப்புங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்கு நடப்பில் உள்ள காப்பீடு வேண்டும், ஆனால் அதில் வங்கிப் பெயர் இருப்பது தடையாகாது. அதனால் இந்த வரிசையில் முட்டல் வராது. என்.ஓ.சி.யின் 3 மாதம் கழிவதற்குள் இரண்டையும் தொடங்கிவிட்டால் மறுபடி வங்கிப் படி ஏற வேண்டியதில்லை.

வங்கி என்.ஓ.சி. கொடுக்கவே இழுத்தடித்தால்? கடன் முழுக்கத் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் சொத்து ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவேடுகளில் உள்ள உரிமைக் குறிப்பை நீக்க வேண்டும், தன் பக்கத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று சுற்றறிக்கை விட்டது. 2023 டிசம்பர் 1 முதல் விடுவிக்க வேண்டிய ஆவணங்களுக்கு அது பொருந்தும். வங்கிக் கிளையில் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் இந்தத் தேதியைக் குறிப்பிடலாம். ஆசிரியரின் கடன் அதற்கு முன்பே முடிந்தது. அவர் வங்கி தாமதிக்கவும் இல்லை.

இழப்புக்குப் பிறகு எழுதிய கடிதம்

ஜனவரியில் நாங்கள் இருந்த நிலைமை வேறு. இழப்பு நடந்தாகிவிட்டது, பாலிசிக் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. இப்போது போய்ப் பெயரை நீக்குங்கள் என்று கேட்டால், கேட்ட தேதியிலிருந்துதான் நீக்க முடியும், டிசம்பர் 4-க்கு முன்தேதியிட முடியாது என்பார்கள். அது சரியான பதில்தான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஐ.எம்.டி. 7 வாசகத்திலேயே வழி இருக்கிறது. வண்டி வங்கியிடம் அடமானத்தில் இருக்கும் வரைதான் பணம் வங்கிக்கு. அடமானம் செப்டம்பர் 12 அன்று தீர்ந்தது, இழப்பு டிசம்பர் 4 அன்று நேர்ந்தது. இழப்பு நடந்த நாளில் வங்கி அடமானதாரராகவே இல்லை. பாலிசியில் அச்சாகியிருந்த பெயர் திருத்தப்படாத பதிவு, உரிமை அல்ல. ஆகவே பாலிசியை மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பாலிசியில் உள்ளபடியே பணத்தை உரியவருக்குக் கொடுங்கள் என்று கேட்டோம்.

அதற்கு வங்கியின் வாயால் இரண்டு விஷயம் வர வேண்டியிருந்தது. கிளைக்குப் போய்ப் புது என்.ஓ.சி.யோடு தனியாக ஒரு கடிதமும் கேட்டோம். பொதுவான என்.ஓ.சி.யில் ஆர்.டி.ஓ.வுக்கு வேண்டியது மட்டும்தான் இருக்கும். கிளெய்முக்கு அது போதாது. கிளை மேலாளர் புரிந்துகொண்டு எழுதிக் கொடுத்த கடிதத்தின் சாரம் இது: இந்தக் கடன் 2023 செப்டம்பர் 12 அன்று முழுமையாகத் தீர்ந்தது, இந்த வண்டியின் பேரில் வேறு கடன் எதுவும் இல்லை, இன்ன கிளெய்ம் எண்ணுக்கான தொகையை உரிமையாளருக்கே நேரடியாகக் கொடுப்பதில் வங்கிக்கு ஆட்சேபனை இல்லை.

அதை இணைத்து அனுப்பிய கடிதத்தில், மேலே கொடுத்த வடிவத்தின் கடைசிப் பத்திக்குப் பதிலாக இப்படி எழுதினோம்:

> மேற்கண்ட கிளெய்முக்கான இழப்பு 2023 டிசம்பர் 4 அன்று நேர்ந்தது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பர் 12 அன்று, வண்டியின் மீதான கடனும் அடமானமும் முடிந்துவிட்டன. வங்கி அடமானதாரராக இருக்கும் வரை மட்டுமே ஐ.எம்.டி. 7 பொருந்தும் என்பதால், இழப்பு நாளில் வங்கிக்கு உரிமை ஏதும் இல்லை. இதை உறுதிசெய்து, தொகையை எனக்கு வழங்க ஆட்சேபனை இல்லை என வங்கி அளித்த கடிதத்தை இணைத்துள்ளேன். கிளெய்ம் தொகையைக் கீழ்க்கண்ட என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவர் பணம் வாங்க விரும்பிய கணக்கு, கடன் வாங்கிய அதே வங்கியில் இருந்த சேமிப்புக் கணக்கு. அதை மாற்றி வேறு வங்கிக் கணக்கைக் கொடுக்கச் சொன்னேன். அதே வங்கியின் பெயர் இரண்டு இடத்திலும் வந்தால், தொகை கடன் கணக்குக்கா சேமிப்புக்கா என்று யாராவது குழம்பலாம். அனுமானம்தான், ஆனாலும் ரத்து செய்த காசோலை ஒன்றைக் கொடுப்பதில் என்ன சிரமம்.

ஆர்.சி. விஷயத்தில் மட்டும் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. காரணமும் உண்டு. முழு இழப்பு கிளெய்மில் சிதைந்த வண்டியை நிறுவனம் எடுத்துக்கொண்டு விற்கும். வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு இருக்கக் கூடாது. அதற்காகத்தான் 28, 29, 30 படிவங்களோடு 35-ஐயும் சேர்த்துக் கேட்கிறார்கள். வங்கி புதிதாகக் கையெழுத்திட்ட படிவம் 35-ஐ வைத்து ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்தார். அடமானம் நீங்கிய ஆர்.சி. வந்ததும் மற்றக் காகிதங்களோடு ஒப்படைத்தார். கட்டாயக் கழிவு ₹1,000 போக ₹5,59,000 அவர் கணக்குக்கு வந்தது. 1,500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு அந்தக் கழிவு எல்லாக் கிளெய்மிலும் உண்டு.

ஆக, பணம் குறையவில்லை. கடனில்லாத வண்டிக்குப் பணம் கிடைக்காமல் போகும் என்று யாரும் பயப்பட வேண்டாம். போனது நேரம்தான். அந்த வாரங்களில் அவர் ஆட்டோவில் பள்ளிக்குப் போய்வந்தார். புது வண்டிக்கு முன்பணம் கட்ட முடியாமல் நின்றார். ஒர்க் ஷாப்பில் நனைந்த கார் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத் தினமும் போன் வந்தது. அக்டோபரில் ஓ.டி. நிறுவனத்துக்கு அதே கடிதத்தின் ஒரு பிரதி போயிருந்தால் இதில் பெரும்பகுதி இருந்திருக்காது.

பதில் வராவிட்டால், பெயர் திரும்பி வந்தால்

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் என்றால் தானியங்கிப் பதிலில் வரும் சேவை எண்ணைக் குறித்து வையுங்கள். பதிலே இல்லையென்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். அவருடைய முகவரி பாலிசித் தாளிலேயே இருக்கும். அப்புறம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். கிளெய்ம் தொகையே சிக்கிக்கொண்டால், நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இந்தக் கிளெய்முக்கு அந்த அளவு போகவில்லை.

கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொரு நாள், அடுத்த புதுப்பித்தல். ஒப்புதல் தாள் கையில் இருந்தாலும், இணையத்தில் புதுப்பிக்கும்போது வண்டி எண்ணைப் போட்டதும் பல தளங்கள் ஆர்.டி.ஓ. பதிவிலிருந்தோ பழைய பாலிசியிலிருந்தோ விவரங்களை இழுத்துக்கொள்கின்றன. ஆர்.சி.யில் நீக்காமல் விட்டிருந்தால் வங்கிப் பெயரும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். வண்டி கடனில் உள்ளதா என்ற கேள்விக்கு முன்கூட்டியே 'ஆம்' என்று டிக் ஆகியிருப்பதைப் பார்க்காமல் பணம் கட்டிவிடுவோம். பாலிசி எடுத்த அன்றே முகப்புத் தாளைத் திறந்து, உரிமையாளர் பெயருக்குக் கீழே உள்ள கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே அதே கடிதத்தை, புதிய பாலிசி எண் போட்டு, பழைய ஒப்புதல் தாளையும் இணைத்து அனுப்பிவிடுங்கள்.